மாத்திரை முடியும்வரை ஊசிக்குக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எங்க வீடு தக்கலை பக்கம். அம்மாவுக்கு வயசு 66. பத்து வருஷமா சர்க்கரை இருக்கு. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்லி டாக்டர் எழுதித் தந்தார். அதுக்குள்ள ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டி வந்துது. அமாக்ஸிசிலின் 500, தினம் மூணு வேளை, அஞ்சு நாளைக்கு. நேத்து மூணாவது நாள். அதோட ரெண்டு நாளா மூக்கொழுகுது, தும்மலும் இருக்கு, காய்ச்சல் இல்லை. ஊசி போடப் போன இடத்துல, ஆன்டிபயாடிக் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போன வருஷமும் இருமல்னு தள்ளிவச்சு, அப்படியே விட்டுப்போச்சு. தள்ளி வைக்கணுமா? இன்னொண்ணு, என் தங்கை நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு எம்.எம்.ஆர். ஊசி கேட்கிறாங்க. அவளுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கிறா. போன மாசம் மூச்சுத்திணறல் வந்து ப்ரெட்னிசலோன் 40 மில்லிகிராம் அஞ்சு நாள் சாப்பிட்டா. அவளும் காத்திருக்கணுமா?
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற நிலைமை இன்றும் அப்படியே இருந்தால், அம்மாவுக்கு இரண்டு ஊசியையும் இன்றைக்கே போடலாம். ஒரு கையில் ஃப்ளூ, மறு கையில் நிமோனியா. மீதி இருக்கிற அமாக்ஸிசிலினை வழக்கம்போல வேளை தவறாமல் சாப்பிட்டு முடிக்கட்டும். ஊசிக்காக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டியதில்லை.

"ஆன்டிபயாடிக் ஓடுது, ஊசி போடக்கூடாது" என்ற பேச்சு நம் மாவட்டத்தில் எல்லா இடத்திலும் கேட்கிறது. மருந்துக்கடையில் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், சில நேரம் ஊசி போடுகிற இடத்திலேயே சொல்வார்கள். அமாக்ஸிசிலின் என்ன செய்கிறது என்று பார்த்தாலே இதற்கு விடை கிடைத்துவிடும். உயிரோடு இருக்கும் பாக்டீரியா வளர்ந்து பெருகும்போது தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சுவரைக் கட்ட விடாமல் தடுப்பதுதான் அமாக்ஸிசிலினின் வேலை. சுவர் இல்லாத பாக்டீரியா வெடித்துச் சாகும். இப்போது அம்மாவுக்குப் போடவேண்டிய நிமோனியா ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உயிருள்ள பாக்டீரியா எதுவும் கிடையாது. நிமோகாக்கஸ் கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிரித்தெடுத்துச் செய்தது அது. கட்டுவதற்குச் சுவரும் இல்லை, கொல்வதற்கு உயிரும் இல்லை. ஃப்ளூ ஊசியிலோ செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள்தான் இருக்கின்றன. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது என்பதால், அது உயிரோடு இருந்தாலும் அமாக்ஸிசிலின் அதைத் தொடாது. ஊசியைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்வது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள். அந்த வேலையில் அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் எதுவும் குறுக்கே வராது.

விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. வாய்வழியாக விழுங்கும் டைஃபாய்டு தடுப்பு மருந்தில் உயிருள்ள, வீரியம் குறைத்த டைஃபாய்டு பாக்டீரியா இருக்கிறது. ஆன்டிபயாடிக் அதைக் கொன்றுவிடும். ஆகவே கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள் கழித்தே அதைத் தொடங்குவார்கள். நம் ஊரில் டைஃபாய்டுக்குப் பெரும்பாலும் போடுவது ஊசி. அதில் உயிருள்ள கிருமி இல்லை, இந்தக் கணக்கும் அதற்குத் தேவையில்லை. வைரஸை அடக்கும் மருந்துகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கி, ஹெர்ப்பிஸ் புண் போன்றவற்றுக்கு அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் சாப்பிடுகிறவர்களுக்கு, உயிருள்ள வைரஸ் கொண்ட சின்னம்மைத் தடுப்பூசி போடுவதாக இருந்தால், முடிந்தால் 24 மணி நேரம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு, போட்ட பிறகு 14 நாள் அதைத் தவிர்க்கச் சொல்வோம். அந்த மாத்திரை அந்த வைரஸைப் பெருக விடாது என்பதே காரணம். மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அதை எழுதித் தந்த டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இவை எதுவும் பொருந்தாது.

ஒரு சிறு இடைச்செருகல். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள், "எனக்கு ஆன்டிபயாடிக் அலர்ஜி, தடுப்பூசியும் வேண்டாம்" என்று சொல்வதுண்டு. எந்தத் தடுப்பூசியிலும் பென்சிலின் இல்லை. சில ஊசிகளில் நியோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் மிகச் சிறிய அளவில் இருக்கும். அந்த மருந்தால் முன்பு மூச்சு முட்டி, உடம்பெங்கும் தடித்து, மயங்கி விழுந்த அளவுக்கு ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆக, மாத்திரை தடையில்லை. அந்த மாத்திரையை எதற்காகச் சாப்பிடுகிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரே அமாக்ஸிசிலின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் உங்கள் அம்மாவைப் போல. பல்லை எடுத்தாயிற்று, வலி குறைந்துவருகிறது, கஞ்சியும் இட்லியும் சாப்பிடுகிறார், காய்ச்சல் இல்லை. இவருக்குப் போடலாம். இரண்டாமவருக்கும் பல்தான் பிரச்சினை. ஆனால் கன்னம் வீங்கித் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறார், உடம்பு கொதிக்கிறது. இவரை ஊசி போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் இவருக்கு இப்போதைய தேவை வேறு. மூன்றாமவர் போன வாரம் நெஞ்சுச்சளியோடு வந்த கடும் காய்ச்சலுக்கு மாத்திரை தொடங்கியவர். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது, இருமல் கொஞ்சம் மிச்சம், அசதி இருக்கிறது, மாத்திரை இன்னும் இரண்டு நாள் பாக்கி. இவருக்கும் போடலாம். நோய் தணிந்து தேறிவரும் காலம் ஊசிக்குத் தடையில்லை. இருமல் முழுதாக நிற்க வேண்டும் என்று காத்திருந்தால், ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் மாறி மாறி வருகிற நம் மாவட்டத்தில் சிலருக்கு வருடம் முழுக்க நாள் கிடைக்காது. போன வருடம் உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

சளியோடு போட்டால் ஊசி வேலை செய்யாது என்ற கவலையும் பலருக்கு உண்டு. நம் உடம்பு ஒரே நேரத்தில் பல கிருமிகளைக் கையாளப் பழகியது. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டு, சளி இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, எதிர்ப்பாற்றல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உருவாகிறது என்று காட்டின.

அப்படியானால் கடும் நோயில் மட்டும் ஏன் தள்ளிவைக்கிறோம்? ஊசி அவரைக் கொன்றுவிடும் என்பதற்காகவோ, வீணாகிவிடும் என்பதற்காகவோ இல்லை. காரணம் நடைமுறை சார்ந்தது. ஃப்ளூ ஊசியோ நிமோனியா ஊசியோ போட்டால் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி, அசதி வரும். ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவருக்கு ஊசி போட்டு, அடுத்த நாள் காய்ச்சல் ஏறினால், அது நோய் முற்றியதால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் முற்றியிருக்க, "ஊசி போட்ட காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல போயிரும்" என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். அல்லது நோய் தன் போக்கில் ஏறியதை ஊசியின் மேல் பழி போட்டு, அடுத்த தடவை அந்த வீட்டில் யாருமே ஊசி பக்கம் போகமாட்டார்கள். இரண்டுமே கெடுதல்.

நம் மாவட்டத்தில் இந்த முதல் ஆபத்தை நான் கூடுதலாகவே கவனிப்பேன். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர், வயலிலும் ஓடையிலும் இறங்குகிறவர், மழைக்குப் பிறகு காய்ச்சலோடு வந்தால் அது எலிக்காய்ச்சலா, டெங்குவா, டைஃபாய்டா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிக் காரணம் தெரியாத காய்ச்சல் இருக்கும்போது சாதாரணத் தடுப்பூசியைத் தள்ளிவைப்பதுதான் சரி. டெங்குவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது தசைக்குள் ஊசி குத்தினால் அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். காய்ச்சல் விட்டு, தட்டணு எண்ணிக்கை ஏறிய பிறகு போடலாம். கடையில் வாங்கிய அசித்ரோமைசினை மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் என்னவென்றே பார்க்காமல் ஊசி வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பினால் அது நியாயம். ஆனால் அனுப்புகிறவர் சொல்ல வேண்டியது "ஆன்டிபயாடிக் முடியட்டும்" என்பதில்லை, "முதலில் ரத்தப் பரிசோதனை செய்து காய்ச்சல் என்னவென்று பாருங்கள்" என்பது.

லேசான நோய், கடும் நோய் என்று நீங்கள் வீட்டிலேயே எப்படிப் பிரிப்பது? இதற்கு ஒரே ஒரு எண்ணை யாரும் தந்துவிட முடியாது. என்னிடம் வருகிறவர் வாசலில் இருந்து நாற்காலி வரை நடந்து வருவதிலேயே பாதி தெரிந்துவிடும். தானாக நடந்து வந்து, உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசினால், மூக்கு ஒழுகினாலும் தொண்டை கரகரத்தாலும் அது லேசானதுதான். பிறகு காய்ச்சல் பார்க்க வேண்டும். 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் வரை எட்டாத உடம்புச் சூடும் மூக்கொழுகலும் மட்டும் இருந்தால் நான் ஊசியைத் தள்ளிவைப்பதில்லை. அதைத் தாண்டினால் சற்று உட்கார வைத்துக் காரணம் தேடுவேன். நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டரை வெயிலில் நடந்து வந்தவர் மேல் காட்டினால் அது கண்டபடி எண் சொல்லும். நாக்குக்கு அடியில் வைக்கும் தெர்மாமீட்டர் நம்பகமானது. சூடான சாயா குடித்திருந்தால் கால்மணி நேரம் கழித்து வையுங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால், அல்லது வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்து அது 95-க்குக் கீழே காட்டினால், தடுப்பூசியைப் பற்றி யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள். தொடர்ந்த வாந்தி, சாப்பிட முடியாமை, குழப்பமான பேச்சு, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவையும் அப்படித்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று கூடுதல். பல் தொற்றிலும் சளியிலும் சர்க்கரை அளவு கொஞ்சம் ஏறி நிற்கும். "சுகர் கூடுதல், குறையட்டும்" என்று சொல்லி ஊசியைத் தள்ளிவைப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்தான் அவருக்கு இந்த இரண்டு ஊசியையும் எழுதித் தந்ததற்கான காரணமே. இதய நோய், சிறுநீரக நோய் எல்லாம் இந்த வகைதான், ஊசியை வேண்டுபவை. மருந்துச் சீட்டில் வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருந்தால் அதை மட்டும் ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, குத்திய இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ச்சல் இருப்பது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருவார்கள். சூட்டை மறைத்துவிட்டால் ஊசி போடலாமா என்று தீர்மானிக்கிற ஒரு முக்கியமான தடயம் போய்விடும். ஊசிக்கு முன்பு வேண்டாம். போட்ட பிறகு வலியோ காய்ச்சலோ இருந்தால் தாராளமாக ஒரு 500 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளலாம்.

போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அன்றிரவோ மறுநாளோ கை வலிக்கலாம், லேசாகச் சுடலாம், மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு, இருமல் ஆகியவை இந்த இரண்டு ஊசியாலும் வருவதில்லை, அவை அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்த சளியின் மிச்சம். ஆகவே மறுநாள் இருமல் கூடினால் "ஊசி ஒத்துக்கல" என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி நின்றாலோ, முதல் இரண்டு நாள் சரியாக இருந்துவிட்டு நான்காம் நாள் புதிதாகக் காய்ச்சல் தொடங்கினாலோ அதை ஊசியின் கணக்கில் எழுதாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். பல் எடுத்த இடத்தில் மீண்டும் வலியும் வீக்கமும் வந்தால் பல் டாக்டர்.

பத்து நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் புரியவில்லை. கோவிட் காலத்தின் நினைவாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசு, கோவிட் வந்து தேறியவர்கள் மூன்று மாதம் கழித்தும், வேறு கடும் நோய்க்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் நான்கு முதல் எட்டு வாரம் கழித்தும் கோவிட் ஊசி போடச் சொன்னது. அந்த ஏற்பாடு அந்த ஊசிக்கும் அந்தக் காலத்துக்கும் உரியது. அது மக்கள் மனதில் "நோய் வந்தால் காத்திரு" என்று பொதுவாகத் தங்கிவிட்டது. சாதாரணமாக, கடும் நோயிலும் காய்ச்சல் விட்டு உடம்பு தேறத் தொடங்கினாலே போதும். நிமோனியாவுக்காக அட்மிட் ஆனவருக்கு டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஃப்ளூ ஊசி போட்டு அனுப்புவதில் தவறில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஃப்ளூ ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மாத்திரை முடிய இரண்டு நாள், அதன்பின் பத்து நாள், அதன்பின் இரண்டு வாரம் என்று கூட்டினால், மழைக்காலக் காய்ச்சல்கள் ஊரைச் சுற்றும்போது அம்மா ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாதுகாப்பின்றி இருப்பார்.

இப்போது தங்கையின் கேள்வி. எம்.எம்.ஆர். வேறு ரகம். அதில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றின் வைரஸும் வீரியம் குறைந்து, ஆனால் உயிரோடு இருக்கின்றன. அவை உடம்பில் கொஞ்சம் பெருகித்தான் எதிர்ப்பாற்றலை உருவாக்குகின்றன. சளி, ஆன்டிபயாடிக் இரண்டும் இதற்கும் தடையில்லை. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் அடங்கிக் கிடப்பவருக்கு அந்தப் பலவீனமான வைரஸே நோயாக மாறிவிடலாம். தள்ளிவைக்க வேண்டியவை என்று நான் உண்மையாகவே கவலைப்படுகிற பட்டியல் இங்கேதான் வருகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசலோனைத் தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ, இரண்டு வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர் நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் தங்கை சாப்பிட்டது 40 மில்லிகிராம் என்றாலும் ஐந்தே நாள், அதுவும் போன மாதம். அந்தக் குறுகிய கோர்ஸ் தடையாகாது. இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு என்பதால் அதுவும் தடையில்லை, ஊசி நாளன்றும் அதை நிறுத்தவே கூடாது. அன்றைக்கு மூச்சு இழுத்துக்கொண்டு இருந்தால் மட்டும், இழுப்பு அடங்கிய பிறகு போகட்டும்.

அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. கர்ப்பமாக இருந்தால் எம்.எம்.ஆர். கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், அந்த ரத்தத்தில் வரும் பிறருடைய எதிர்ப்பொருள்கள் ஊசியிலுள்ள வைரஸைப் பெருக விடாமல் அமுக்கிவிடும். ரத்தம் ஏற்றியிருந்தால் ஆறு மாதம், பிளாஸ்மா அல்லது தட்டணு ஏற்றியிருந்தால் ஏழு மாதம் கழித்துப் போடுவது வழக்கம். வெளிநாட்டு வேலைக்கு மருத்துவப் பரிசோதனையில் காசநோய்க்கான தோல் சோதனையும் கேட்பார்கள். அதை எம்.எம்.ஆர். போடும் அதே நாளில் செய்துகொள்ளலாம். இல்லையென்றால் நான்கு வாரம் கழித்தே செய்ய வேண்டும், ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் தோல் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டக்கூடும். விசாவுக்குத் தேதி எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த நான்கு வாரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த ஊசிக்கும் பொதுவான ஒரு நிரந்தரத் தடை உண்டு. அதே ஊசியை முன்பு போட்டபோது சில நிமிடங்களில் உடம்பு தடித்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரியில் காப்பாற்ற வேண்டி வந்திருந்தால் அந்த ஊசியை மறுபடி சாதாரணமாகப் போடக்கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கைகால் செயலிழந்து கில்லன்-பார்ரே என்ற நரம்பு நோய் என்று சொல்லப்பட்டிருந்தால், அடுத்த ஃப்ளூ ஊசிக்கு முன் நரம்பியல் மருத்துவரைக் கேட்க வேண்டும். போன முறை கை வீங்கியது, காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் இதில் சேராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னதை அப்படியே இதற்குப் பொருத்திவிடக்கூடாது. நாய் கடித்தால், அல்லது பூனை பிறாண்டினால், வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. 103 டிகிரி காய்ச்சல் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் அன்றைக்கே தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை. நாய்க்கடிப் புண்ணுக்கு அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை எழுதித் தருவது வழக்கம். "மாத்திரை முடியட்டும்" என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். முதலில் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். தோலுக்குள் போடும் முறையில் கடித்த நாள், 3, 7, 28 என்று நான்கு முறை போக வேண்டும். தோலைத் துளைத்த கடி என்றால், புண்ணைச் சுற்றிப் போடும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் முதல் நாளிலேயே தேவைப்படும். மலேரியாவுக்கான குளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோலுக்குள் போடும் ஊசியின் பலனை அது குறைக்கும், ஆகவே தசையில் போடும் முறைக்கு மாற்றிவிடுவார்கள்.

திரும்ப அம்மாவிடம். ஊசிக்குப் போகும்போது டாக்டர் எழுதித் தந்த சீட்டு, அமாக்ஸிசிலின் அட்டை, பல் டாக்டர் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். "ஆன்டிபயாடிக் சாப்பிடுறாங்க, போடலாமா?" என்று கேட்டால் பாதிப் பேர் பயந்து "வேண்டாம்" என்பார்கள். "பல் எடுத்ததுக்கு மாத்திரை, நாலு நாள் ஆச்சு, காய்ச்சல் இல்லை, சாப்பிடுறாங்க, மூக்கொழுகல் மட்டும்தான்" என்று நிலைமையை முழுதாகச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால், "எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்டு, ஊசி எழுதித் தந்த டாக்டரிடமே அதைக் காட்டுங்கள். போட்டபின் எந்த வகை நிமோனியா ஊசி, எந்தத் தேதி என்பதை அம்மாவின் சர்க்கரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்னொரு டோஸ் வேண்டுமா வேண்டாமா என்பது அந்த வகையைப் பொறுத்தே முடிவாகும்.